சோலைக்கிளிக்கு அடையாள அட்டை இல்லை

எங்கட கரையில புனைபெயருக்குப் பஞ்சமே இல்லை. பெரியநீலாவணைச் சின்னத்துரை ஊர்ப் பெயரையே எடுத்து நீலாவணன் ஆனார். மருதமுனை வி.எம். இஸ்மாயில் மருதூர்க்கொத்தன் ஆனார். கல்முனை அதீக் சோலைக்கிளி, சாய்ந்தமருது இஸ்ஸத் ரீஹானா அனார்.

காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ஆனா ஒன்று எங்களுக்கு நல்லாத் தெரியும்: ஒரே ஊர்ல எத்தனை இஸ்மாயில், எத்தனை ஹனீபா! இனிஷலை வச்சுத்தான் ஆளைப் பிரிக்க வேணும். சினிமாவிலயும் இதுதான் கதை. சிவாஜி கணேசன் ஏற்கெனவே இருந்ததால, சிவாஜி ராவுக்கு பாலசந்தர் ரஜினிகாந்த் என்று பெயர் வச்சார்.

சரி, அடையாள அட்டையில இல்லாத இந்தப் பெயருக்குச் சட்டத்தில இடம் இருக்கா? இருக்கு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், புனைபெயரில் எழுதுவதை எழுத்தாளரின் உரிமையாகவே சொல்லுது. ஆனா அந்தப் பெயருக்குப் பின்னால யார் என்று தெரியுதா என்பதைப் பொறுத்துப் பாதுகாப்பின் கணக்கு மாறும்.

1960இல் பத்திரிகையில் வந்த இரண்டு கவிதைகளை எடுப்போம். ஒன்று நீலாவணனுடையது. அவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. அதனால எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 70 வருடமும் என்ற பொது விதிதான். அவர் 1975இல் மறைந்தார். உரிமை 2045 வரை குடும்பத்துக்கு. மற்றது யாரென்றே தெரியாத ஒரு புனைபெயரில் வந்தது. அதற்கு வெளியான நாளிலிருந்து 70 வருடம், அதாவது 2030 வரைதான். அதற்குள்ள ஆள் யாரென்று தெளிவானா, அதுவும் பொது விதிக்கு வந்துடும்.

இந்தியாவிலயும் ஒரு பாடம் இருக்கு. 'மே ஹூன் ரஜினிகாந்த்' என்ற இந்திப் படத்துக்கு எதிரா வழக்குப் போட்டு, 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரஜினி வென்றார். படம் பெயரை மாத்திக்கொண்டு வந்தது. ஆனா வழக்குத் தாளில் வாதியின் பெயர் சிவாஜி ராவ் கெய்க்வாட். மேடைப் பெயரைக் காப்பாற்ற, பிறப்புப் பெயர்தான் கோர்ட்டுக்குப் போகவேண்டி வந்தது.

எங்களுக்கு இதில இருக்கிற வேலை சின்னது. பதிப்பாளரோட ஒப்பந்தம் எழுதும்போது "இன்னார் என்கிற இன்னார்" என்று இரண்டு பெயரையும் எழுதி, அடையாள அட்டை இலக்கத்தையும் போட வேணும். இரண்டும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னால ஒரு சத்தியக் கடதாசி முடிச்சு வைக்கலாம். அது பெயரை மாத்தாது. அடையாள அட்டையும் பாஸ்போட்டும் பழைய பெயரிலதான் இருக்கும். ஆனா புனைபெயருக்கு காசோலை வந்து வங்கியில நிக்கும்போதும், நாளைக்கு எங்கட பிள்ளைகள் உரிமை கேட்கும்போதும், அந்த ஆள் இவர்தான் என்று காட்ட அந்த ஒரு தாள் கையில இருக்கும்.