ஒரு டியூஷன் நோட்டீஸும் ஒரு பழைய கடனும்

 

போன வாரம் என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்தவள். இப்போது முடிச்சூர் பக்கம் குடியிருக்கிறாள். கணவருக்கு வருமானம் குறைந்துபோனதால் மாலையில் வீட்டிலேயே கணக்கும் அறிவியலும் டியூஷன் எடுக்கப் போகிறாளாம். "டீச்சர், நோட்டீஸ் எழுதியிருக்கேன். அச்சுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னால நீங்க ஒரு தடவை பாத்துடுங்க" என்று ஒரு தாளை நீட்டினாள்.

அதில் இப்படி இருந்தது:

"சேருங்கள்! சேருங்கள்! 1 முதல் 12 வரை அனைத்துப் பாடங்களும். ஸ்டேட் போர்டு, சிபிஎஸ்இ, நீட். தனிக் கவனம். 100% தேர்ச்சி உறுதி!"

கடைசி வரியைப் படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஏனென்றால் அதே வரியை நானும் ஒரு காலத்தில் எழுதியவள்.

1983. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த நாட்கள். கடற்கரைக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடிய தாம்பரம் அது. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் டியூஷன் ஆரம்பித்தேன். கையால் எழுதி டீக்கடையில் ஒட்டிய நோட்டீஸில், "பத்தாம் வகுப்பு வரை. வெற்றி உறுதி" என்று போட்டேன். நான் பயிற்சி பெற்றதோ எட்டாம் வகுப்பு வரை நடத்துவதற்கு. அதைப் பார்த்து, துணி தேய்க்கும் கடை வைத்திருந்த ஒருவர் ஜனவரி மாதத்தில் தன் மகனைக் கொண்டுவந்து விட்டார். பத்தாம் வகுப்பு. பையனுக்குப் பின்னத்தைக் கூட்டவே தெரியாது. அது எனக்குத் தெரிவதற்கே ஒரு மாதம் ஆனது, நான் முதல் நாள் சோதித்துப் பார்க்கவில்லை. கணக்கில் அவன் தேறவில்லை. அப்பா வந்தார், சண்டை போடவில்லை. "நீங்க எழுதியிருந்தீங்களேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்று மாதக் காசைத் திருப்பிக் கொடுக்கக்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

இதைச் சொன்னதும் அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பக்கத்துத் தெரு சென்டர்ல எல்லாரும் போடுறாங்களே டீச்சர்?" என்றாள். ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் அந்த உறுதி. பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 எடுத்தால்தான் தேர்ச்சி. செய்முறை நடப்பது பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில், டியூஷன் எடுப்பவர் அங்கே கால்கூட வைக்க முடியாது. தன் கையில் இல்லாத மதிப்பெண்ணுக்கு எப்படி உறுதி தருவது? மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், மதிப்பெண்ணுக்கோ ரேங்குக்கோ உத்தரவாதம் தந்து பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அது 50 பேருக்கு மேல் படிக்கும் கோச்சிங் சென்டர்களுக்கானது, வீட்டு டியூஷனுக்கு வராது. ஆனாலும் பொய் பொய்தானே.

"அப்போ அந்த இடத்துல என்ன போடுறது?" என்றாள். உன் கையில் இருப்பதைப் போடு என்றேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16 மதிப்பெண். புத்தகத்தைப் பார்த்துப் படித்தால் இது வராது. பிள்ளை கவராயம் பிடித்துப் போட வேண்டும், ஒருவர் பக்கத்தில் இருந்து அளவை வைத்துப் பார்த்துத் திருத்த வேண்டும். வாராவாரம் இதைச் செய்வதாக அவளால் தைரியமாக எழுத முடியும். செய்கிறாளா என்று பெற்றோரும் நோட்டைப் புரட்டித் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது, "அனைத்து வகுப்பு, அனைத்துப் பாடம்". "உனக்கு எது நடத்த வரும்? மனசாட்சியோடு சொல்லு" என்றேன். பத்து வரை கணக்கு, எட்டு வரை அறிவியல் என்றாள். ஒன்பது, பத்து அறிவியலில் உயிரியல் தடுமாறுமாம். அப்படியானால் நோட்டீஸிலும் அவ்வளவுதான். எட்டாம் வகுப்போடு நிறுத்தாமல் பத்து என்று எழுதியதுதானே என் தவறு!

பிறகு "தனிக் கவனம்". இதற்கு ஒரு கணக்குப் போட்டோம். மாலை ஆறு மணி முதல் ஏழரை வரை 90 நிமிடம். ஒரு பிள்ளையின் நோட்டைத் திருத்தி, எங்கே தவறினான் என்று சொல்ல ஐந்து நிமிடமாவது வேண்டும். 8 பேர் என்றால் 40 நிமிடம், மீதி 50 நிமிடம் நடத்தலாம். 15 பேர் என்றால் திருத்தவே 75 நிமிடம் போய்விடும். ஆகவே "தனிக் கவனம்" என்ற சொல்லை அடித்துவிட்டு "8 பேர் மட்டும்" என்று எழுதினோம். ஆறாவது படிப்பவனையும் பத்தாவது படிப்பவனையும் ஒன்றாக உட்கார வைத்தால் அந்த 50 நிமிடமும் வீண். அதனால் நாட்களைப் பிரித்தோம்.

கட்டணத்தை எழுதக் கூச்சப்பட்டாள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றேன். இல்லாதவர்கள் கேட்கவே தயங்கி அப்படியே போய்விடுவார்கள். கடைசியாக, முதல் வாரம் இலவசம். அந்த வாரத்தில் பிள்ளைக்கு ஒரு பின்னக் கணக்கு, ஒரு வகுத்தல், ஒரு சதவீதம் கொடுத்துப் பார்த்து, எந்த இடத்தில் நிற்கிறான் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். 1983-ல் நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

முடிவில் வந்த நோட்டீஸ் இது:

"மாலை நேர டியூஷன் (தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டம், தமிழ், ஆங்கில வழி)
9, 10 வகுப்பு: கணிதம் மட்டும். திங்கள், புதன், வெள்ளி.
6, 7, 8 வகுப்பு: கணிதம், அறிவியல். செவ்வாய், வியாழன், சனி.
நேரம்: மாலை 6.00 முதல் 7.30 வரை. 8 பேர் மட்டும்.
பத்தாம் வகுப்புக்கு வாரந்தோறும் வடிவியல், வரைபடம் போட்டுத் திருத்தப்படும்.
கட்டணம் மாதம் 800 ரூபாய். முதல் வாரம் கட்டணம் இல்லை.
நடத்துபவர்: பி.எஸ்சி. கணிதம், பி.எட்."

கீழே, வீட்டுக்கு வரும் வழியும் கைப்பேசி எண்ணும். பெற்றோர் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி வீடு சேர எட்டு மணி ஆகிவிடும், ஆகவே பேசும் நேரம் இரவு 8 முதல் 9 என்று போடச் சொன்னேன். மரத்தில் ஆணி அடிக்காதே, அடுத்தவர் சுவரில் ஒட்டாதே, கடைக்காரரைக் கேட்டு உள்ளே ஒட்டு என்றும் சொல்லி அனுப்பினேன்.

நேற்று இரவு போன் செய்தாள். மூன்று பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்களாம். ஒரு அப்பா, "பாஸ் கேரண்டி இல்லையாம்மா?" என்று கேட்டாராம். "இல்லைங்க. ஆனா ஒரு வாரத்துல உங்க பையன் எங்க நிக்கிறான்னு சொல்லிடுவேன்" என்றாளாம். அவர் யோசித்துவிட்டு, மறுநாள் பையனைக் கொண்டுவந்து விட்டாராம்.

பக்கத்துத் தெரு சென்டருக்குப் போனவர்கள்தான் அதிகம். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அந்த மூன்று வீட்டு அப்பாக்களில் யாரும் நாளைக்கு அவள் வாசலில் வந்து நின்று, "நீங்க எழுதியிருந்தீங்களேம்மா" என்று சொல்ல மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்