பாதியை அழித்துக் காட்டும் கை

மாதம் 1,000 ரூபாய். போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. 60 மாதம் விடாமல் கட்டினால் போட்டது 60,000, கைக்கு வருவது 71,366. வட்டி 6.7 சதவீதம் என்று சொல்லிவிட்டு இந்தத் தொகையைக் காட்டினால், கணக்கு தெரிந்த எவரும் உடனே சண்டைக்கு வருவார்கள். 60,000க்கு வருஷம் 6.7 சதவீதம் என்றால் ஐந்து வருஷத்துக்கு 20,100 ஆகிறது, நீங்கள் 11,366 என்கிறீர்களே, மீதி எங்கே போயிற்று?

இந்தக் கேள்விக்கு நாற்பது விநாடியில், வெள்ளைப் பலகையில் படம் வரைந்தே பதில் சொல்ல வேண்டும். அசோக் நகரில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் மூன்று பேர் அந்த வேலையில்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நூறடி சாலையில் மெட்ரோ தலைக்கு மேல் போகிறது. அதன் இரைச்சல் குறைகிற உள்தெரு ஒன்றில் இருக்கிறது வீடு. மகளிர் குழுக்களுக்குச் சேமிப்பு பற்றிப் பயிற்சி தரும் ஒரு தொண்டு நிறுவனம் படம் கேட்டிருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கானது, நீளம் மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

கை மட்டும் தெரிய, பேச்சோடு பேச்சாகக் கோடு ஓடும் இந்த வகைப் படத்தை உலகம் முழுக்கப் பரப்பியது லண்டனிலுள்ள ஆர்.எஸ்.ஏ. என்ற அமைப்பு 2010 முதல் வெளியிட்ட வரிசை. ஆண்ட்ரூ பார்க் என்பவர் நிஜமாகவே பலகையில் வரைந்து, அதை வேகப்படுத்திக் காட்டினார். 2012இல் வீடியோஸ்க்ரைப் போன்ற மென்பொருட்கள் வந்தபின் வரையவே தெரியாதவரும் இதைச் செய்யலாம் என்றாயிற்று. ஆயத்தப் படத்தை இழுத்துப் போட்டால், ஒரு கை தோன்றி அதை வரைவதுபோல் நடிக்கும். இங்கேயும் அந்த மென்பொருளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தமிழ் எழுத்து வரும்போதுதான் வேஷம் கலைந்துவிடுகிறது. 'சே' என்று எழுதுகிற மனிதக் கை முதலில் ஒற்றைக்கோட்டில் கொம்பு போடும், பிறகு ச எழுதும். மென்பொருளின் கையோ எழுத்தின் வெளிவிளிம்பைச் சுற்றிச் சுற்றிப் போய்வருகிறது. படம் பார்த்த பெண்கள் சிரித்தார்களாம். அதனால் எல்லாம் நிஜப் பலகை, நிஜ மார்க்கர்.

முதலில் குரல். வரைவதெல்லாம் அதற்குப் பிறகுதான். சாலிகிராமத்தில் டப்பிங் பேசிப் பழகிய ஒரு அக்கா வந்து படுக்கையறையில் உட்கார்கிறார். அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, எதிரே கயிறு கட்டி ரஜாய் தொங்கவிட்டிருக்கிறார்கள். எதிரொலிக்கு அதுவே மருந்து. மின்விசிறி நிறுத்தம், ஏ.சி. நிறுத்தம். பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் முடிக்கும்வரை எல்லோரும் சும்மா இருக்க வேண்டும். அக்காவின் வேகம் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்குச் சற்று மேலே. நாற்பது விநாடிக்கு எழுபது சொல் கிடைத்தால் பெரிது.

அக்காவின் முதல் புகார் எண்ணைப் பற்றி. "எழுபத்தோராயிரத்து முந்நூற்று அறுபத்தாறுன்னு சொல்றதுக்குள்ள எனக்கே மூச்சு வாங்குது. தம்பி இதை எத்தனை செகண்ட்ல எழுதுவாரு?" எழுதும் தம்பிக்கு ஐந்து இலக்கம், ஒரு காற்புள்ளி; வேகப்படுத்தினால் ஒரு விநாடிகூட ஆகாது. வாய்க்கோ மூன்று விநாடி தேவை. கை முந்திவிட்டால், பார்ப்பவர் எண்ணைப் படித்து முடித்துவிட்டுக் காதை மூடிக்கொள்வார். இந்தத் தொழிலில் எல்லாவற்றுக்கும் மேலான விதி இதுதான்: கோடு சொல்லுக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கலாம், ஆனால் சொல்லுக்கு முன்னால் முடியக் கூடாது. அதனால் அந்த எண் வரும் இடத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்து, எழுபத்தோராயிரத்துக்கு 71, முந்நூற்றுக்கு 3 என்று வாயோடு இலக்கம் விழும்படி வைத்தார்கள். வட்டித் தொகையை மட்டும் பேச்சில் 'பதினோராயிரத்துச் சொச்சம்' ஆக்கிக்கொண்டார் அக்கா. பலகையில் முழு எண் இருக்கிறது, போதும்.

வரையும் அறை கூடம்தான். பலகை சுவரில் இல்லை, மேஜைமேல் படுத்திருக்கிறது. நேர் மேலே, குறுக்குக் கம்பியில் கேமரா கீழ்நோக்கித் தொங்குகிறது. இரண்டு பக்கமும் சாய்வாக எல்.இ.டி. விளக்குகள். நேராக வைத்தால் பலகையில் விளக்கின் உருவமே பளிச்சென்று விழும். ஜன்னல்களுக்குத் திரை. இது அழகுக்கில்லை. ஆறு நிமிடம் வரைந்ததை நாற்பது விநாடிக்குள் அடக்கினால், அதாவது ஒன்பது மடங்கு ஓட்டினால், வெளியே ஒரு மேகம் கடந்துபோனதுகூடப் படத்தில் விளக்கு மினுக்குவதுபோல் தெரியும். கேமராவைத் தானாகச் சரிசெய்ய விட்டாலும் தொல்லைதான். பலகையில் கறுப்பு ஏற ஏற அது வெளிச்சத்தைக் கூட்டும், கை குறுக்கே வந்தால் மறுபடி மாற்றும், வெள்ளை ஒவ்வொரு கணமும் ஒரு நிறமாகிவிடும். எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத்தான் தம்பி மார்க்கரை எடுக்கிறார்.

அவர் வலக்கைக்காரர். இடமிருந்து வலமாக வரைந்தால் வரைந்தது மறையாது. தலை கேமராவுக்குக் கீழே போய்விடாமல் உடம்பை ஒருபக்கம் ஒடித்து உட்கார வேண்டும். யோசிக்க நின்றால் கையைச் சட்டத்துக்கு வெளியே எடுத்துவிட வேண்டும். அந்த இடத்தை வெட்டுவது சுலபம். கை உள்ளேயே தயங்கினால் வேகத்தில் அது நடுக்கமாகத் தெரியும். விசிறி இல்லாத சென்னை மதியத்தில், நெற்றி வியர்வை பலகையில் சொட்டாமல் இருக்கத் தலையில் துண்டு கட்டியிருந்தார்.

சேமிப்பு என்றதும் கைக்கு முதலில் வருவது காசு காய்க்கும் மரம். தம்பியும் அதைத்தான் முதலில் வரைந்தார். சின்னத் தண்டு, மேலே குடைபோல விரிந்த கிளை, கிளையெல்லாம் நாணயம். பார்க்க அழகு. படத்தொகுப்பையும் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அதை ஏற்கவில்லை. "போட்ட பணம் தண்டு, வட்டி கிளைன்னு பார்க்கிறவங்க நினைப்பாங்க. இங்க வட்டி, போட்டதுல அஞ்சுல ஒரு பங்குகூட இல்லையே?" அவர் ஸ்கேலை எடுத்தார். 60,000ஐ 16 செ.மீ. உயரக் கம்பமாக வரைந்தால் 11,366க்கு 3 செ.மீ.தான் கிடைக்கும். வெளிர்நீலப் பென்சிலால், கேமராவுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகப் புள்ளி வைத்துக் கொடுத்தார். மரம் போயிற்று. சிட்டு நிறுவனமும் நகைக்கடையும் பங்குச்சந்தைக்காரரும் மாறி மாறி வரைந்து தேய்ந்த மரம் அது. போனால் போகட்டும் என்றே எனக்குப் பட்டது.

ஆனால் கம்பம் மட்டும் அந்தச் சண்டைக்காரர் கேள்விக்குப் பதிலாகாது. 20,100 ஏன் இல்லை? முதல் மாதம் போட்ட ஆயிரம்தான் 60 மாதம் அங்கே தங்குகிறது. கடைசியாகப் போட்டது ஒரே மாதம். எல்லாவற்றையும் சராசரி பார்த்தால் ஒவ்வொரு ஆயிரமும் முப்பது மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தங்கியிருக்கிறது. அதற்கான தனிவட்டி ஏறக்குறைய 10,200. காலாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேர்வதால் வட்டிக்கு வட்டியாக வருவது ஏறக்குறைய 1,150. இதைச் சொல்லால் விளக்கினால் கேட்பவர் தூங்கிவிடுவார்.

பலகையில் அவர்கள் செய்தது இது. ஒரு செவ்வகம். கிடையாக ஐந்து வருஷம், செங்குத்தாக 60,000. 'முதல் நாளே மொத்தத்தையும் போட்டிருந்தால்' என்ற சொல்லோடு செவ்வகம் முழுக்க நீலக் கோடு அடித்து நிரப்புகிறது கை. மேலே 20,100 என்று எழுதுகிறது. 'ஆனா நம்ம கையில அவ்வளவு ஏது?' என்று அக்கா கேட்கும்போது டஸ்டர் வருகிறது. கீழ் இடமூலையிலிருந்து மேல் வலமூலைக்குச் சாய்வாக, மேல்பாதி அழிகிறது. மிஞ்சுவது ஏறிக்கொண்டே போகும் சரிவு. 20,100ஐ அடித்துவிட்டு, பாதிக்குச் சற்று மேல் என்று எழுதுகிறது.

சரிவைப் படிக்கட்டாக வரையத் தம்பிக்கு ஆசை. வருஷத்துக்கு ஒன்றாக ஐந்து படி, படம் சுத்தமாக இருக்கும் என்றார். அண்ணன் கட்டம் எண்ணிக் காட்டினார். ஐந்துக்கு ஐந்து 25 கட்டத்தில் அந்தப் படிக்கட்டு 15ஐ நிரப்பிவிடுகிறது. பாதி என்று வாய் சொல்லும்போது கண் ஐந்தில் மூன்று பங்கைப் பார்க்கும். படி சின்னதாகச் சின்னதாகத்தான் உண்மைக்குப் பக்கத்தில் வரும். கடைசியில் ரம்பப் பல்போல நெருக்கமான சிறு படிகள். அறுபதும் வரைய இடமில்லை, அது தேவையும் இல்லை.

அழிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய பலகையில் டஸ்டர் போன பின்னும் நீலம் ஆவிபோல் நிற்கும். வேகப்படுத்தினால் அழித்தது அழியாததுபோலத் தெரியும். சந்தேகம் வந்தால் ஒரு மூலையில் கிறுக்கி, அரைமணி விட்டு, துடைத்துப் பார்க்கிறார்கள். சுவடு மிஞ்சினால் ஸ்பிரிட்டால் கழுவல். அதற்கும் போகாவிட்டால் அந்தப் பலகை படப்பிடிப்புக்கு இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு.

மூன்று நிமிடத்தில் மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. 15ஆம் தேதிக்குள் கணக்குத் தொடங்கியவர் ஒவ்வொரு மாதமும் 15க்குள் கட்ட வேண்டும், அதற்குப் பின் தொடங்கியவருக்கு மாதக் கடைசி வரை நேரம் உண்டு என்பதற்கு ஒரு நாட்காட்டி. தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம் என்பதற்குக் கம்பத்திலிருந்து ஒரு சின்ன நாணயம் உருண்டு விழுகிறது. அதை எவ்வளவு சின்னதாக வரைவது என்று மறுபடி ஸ்கேல் வந்தது. ஆயிரத்துக்குப் பத்து ரூபாய்; அளவுப்படி வரைந்தால் கண்ணுக்கே தெரியாது. அங்கே மட்டும் அளவை விட்டுவிட்டு, நாணயத்தின் மேலேயே 10 என்று எழுதிவிட்டார்கள். தவணை பலமுறை தவறினால் கணக்கு நின்றுபோகும் என்பதற்குப் பூட்டுப் படம்.

6.7உம் அதைச் சார்ந்த எண்களும் நேராகப் பலகையில் எழுதப்படவில்லை. 6.7 என்பது 2023 அக்டோபரில் வந்த விகிதம். ஒருமுறை தொடங்கிய ஆர்.டி.க்கு ஐந்து வருஷமும் தொடங்கிய நாளின் விகிதமே நிற்கும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அரசு காலாண்டுக்கு ஒருமுறை விகிதத்தை அறிவிக்கிறது. அது மாறும் நாளில் முழுப் படத்தையும் மறுபடி எடுக்க யாரிடம் காசு இருக்கிறது? அதனால் தம்பி 6.7ஐ ஒரு வெள்ளைத் தாள்துண்டில் எழுதி, பலகைமேல் வைத்து, தனியாக எட்டு விநாடி எடுத்தார். 20,100, 71,366, வட்டித் தொகை மூன்றுக்கும் அதேபோல் தாள்துண்டுகள். அக்காவையும் அந்த வரிகளை மூச்சு விட்டு, முன்னும் பின்னும் இடைவெளியோடு தனித்தனியே பேசச் சொல்லியிருந்தார்கள். விகிதம் மாறினால் அந்தச் சில விநாடிகளை வெட்டி ஒட்டினால் போதும். கம்பத்தின் உயரம் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே ஆகும். அதை விட்டுவிடலாம் என்றார் அண்ணன். தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. நான் கிளம்பும்போதும் அது முடிவாகியிருக்கவில்லை.