அஞ்சு நம்பர் மெசேஜுக்கு எப்படி பதில் போடணும்?

அன்னதான வேலை முடிஞ்சு உட்கார்ந்திருக்கும்போது பெரியவங்க சிலர் போனை நீட்டி, "தம்பி, இந்த மெசேஜுக்கு என்ன பதில் போடுறது?"ன்னு எங்ககிட்ட கேட்கிறாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்றதைவிட இங்கே எழுதிடலாம்னு நினைச்சோம்.

முதல்ல நம்பரைப் பாருங்க. 01-ல் ஆரம்பிக்கிற நீளமான நம்பர்னா, அது ஒரு சிம் கார்டு. நாம போடுற பதில் இன்னொரு போனுக்குத்தான் போகும். அந்த நம்பருக்குக் கூப்பிட்டும் பேசலாம். ஆனா 3-லயோ 6-லயோ ஆரம்பிக்கிற அஞ்சு இலக்க நம்பர் போனே இல்லை. அது டெலிபோன் கம்பெனி ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த முகவரி. கூப்பிட்டா யாரும் எடுக்க மாட்டாங்க.

கம்ப்யூட்டர் நம்ம பதிலில் முதல் வார்த்தையைத்தான் பார்க்கும். தேர்தல் சமயத்தில் வாக்காளர் பதிவைப் பார்க்க SPR SEMAK என்று அடித்து, ஐசி நம்பரைச் சேர்த்து 15888-க்கு அனுப்பினோமே, ஞாபகம் இருக்கா? அங்கே "ஐயா, என் பெயர் இருக்கான்னு பாருங்க"ன்னு எழுதினா வேலை நடக்காது. அந்த வார்த்தைகள் அதே வரிசையில் இருக்கணும்.

அடுத்தது காசு விஷயம். சாதாரண நம்பரில் அனுப்புறவர்தான் காசு கட்டுவார், வாங்குறவருக்கு ஒண்ணும் இல்லை. அஞ்சு நம்பரில் அப்படி இல்லை. ஜோசியம், போட்டி, பாட்டு மாதிரி சேவைகளில் பதிஞ்சிட்டா, மெசேஜ் *வாங்குற* நமக்கே காசு வெட்டுவாங்க. அதனாலதான் மெசேஜ் தொடக்கத்திலேயே விலை போட்டிருக்கும். RM0.00 என்றிருந்தா இலவசம். RM3.00 என்றிருந்தா, படிச்சாலும் படிக்காட்டாலும் மூணு வெள்ளி போயிடுச்சு.

ஒரு பாட்டி பத்து வெள்ளி டாப் அப் போட்டு, நாலு நாளில் ஒரு வெள்ளிதான் மிச்சம்னு வந்தாங்க. போன் பேசவே இல்லையாம். மெசேஜ்களைத் திறந்து பார்த்தோம். 3-ல் ஆரம்பிக்கிற ஒரே நம்பரிலிருந்து மூணு ராசிபலன், மூணிலும் RM3.00. ஒன்பது வெள்ளி கணக்கு சரியா வந்தது. பேரன் அந்த நம்பரை ஏற்கனவே "பிளாக்" பண்ணியிருந்தான். பிளாக் பண்ணினா மெசேஜ் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். காசு வெட்டுறது டெலிபோன் கம்பெனி கணக்கில் நடக்குது, அது நிற்காது.

அதுக்கு வழி, அதே அஞ்சு நம்பருக்கு இப்படி பதில் அனுப்புறது:

```
STOP ALL
```

அந்த நம்பரில் பதிஞ்ச எல்லா சேவையும் இதில் நின்னுடும். பாட்டிக்கும் இதைத்தான் அனுப்பினோம். நிறுத்தியாச்சுன்னு RM0.00 போட்ட மெசேஜ் வந்தது. அப்படி வராட்டியோ, திரும்பவும் காசு வெட்டினாலோ, மெசேஜை அழிக்காம உங்க டெலிபோன் கம்பெனிக்குக் காட்டுங்க. இந்த மாதிரி சேவைகளையே உங்க நம்பருக்கு அடைச்சு வைக்கச் சொல்லியும் கேளுங்க. அப்புறமும் தீராட்டி எம்சிஎம்சி-யில் புகார் செய்யலாம்.

இதையே நீளமான நம்பருக்குச் செய்யாதீங்க. தெரியாத 01 நம்பர் "கடன் வேணுமா"ன்னு கேட்டா STOP அனுப்பி பயனில்லை. அங்கே அந்த வார்த்தையைப் படிச்சு நிறுத்துற ஏற்பாடு எதுவும் கிடையாது. படிக்கிறவன் அந்த ஏமாத்துக்காரன்தான். "இந்த நம்பரில் ஆள் இருக்கு"ன்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். அங்கே பிளாக் பண்றதுதான் சரி. அவன் RM0.00-ன்னு அடிச்சிருந்தாலும் அதுக்கு அர்த்தமில்லை, யார் வேணும்னாலும் அடிக்கலாம்.

பேங்க் மெசேஜ் பெரும்பாலும் 6-ல் ஆரம்பிக்கிற அஞ்சு நம்பரில் வரும். நீங்க செய்யாத பணமாற்றத்துக்கு டிஏசி நம்பர் வந்தா, "நான் இல்லை"ன்னு பதில் போட்டுட்டு சும்மா இருக்காதீங்க. அதைப் படிக்க அங்கே ஆள் இல்லை. கார்டுக்குப் பின்னால் இருக்கிற நம்பருக்கு உடனே கூப்பிடுங்க. பணம் போயிட்டா 997. அஞ்சு நம்பர்ங்கிறதுக்காக எதையும் நம்பிடவும் வேண்டாம். 2024 செப்டம்பர் 1 முதல் நிறுவனங்கள் எஸ்எம்எஸ்ஸில் லிங்க் போடக்கூடாதுன்னு உத்தரவு. லிங்க் இருந்தா தொடாதீங்க.

வீட்டுப் பெரியவங்க போனை இன்னைக்கு ஒரு தடவை வாங்கிப் பாருங்க. அஞ்சு நம்பரிலிருந்து RM0.00 தவிர வேற விலை போட்ட மெசேஜ் இருந்தா, பிளாக் பண்றதுக்கு முன்னால STOP ALL அனுப்பிடுங்க. அனுப்பத் தெரியாட்டி போனை எடுத்துட்டு வாங்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாங்க அன்னதானக் கூடத்தில்தான் இருப்போம்.