அரைப்புள்ளியும் முற்றுப்புள்ளியும்

ஓர் ஓவியத்தின் உடைமை வரலாறு பெரும்பாலும் ஒரே பத்தியில் அடங்கிவிடும். உரிமையாளர் பெயர், ஊர், ஆண்டு. அடுத்தவர் பெயர், ஊர், ஆண்டு. அமெரிக்க அருங்காட்சியகங்கள் பலவும் பின்பற்றும் மரபில் இங்கே நிறுத்தற்குறிக்கும் பொருள் உண்டு. ஒருவரிடமிருந்து நேரே இன்னொருவருக்கு ஓவியம் போயிருந்தால் இடையில் அரைப்புள்ளி வரும். அப்படிப் போனதற்குச் சான்று இல்லையெனில் முற்றுப்புள்ளி வரும். ஆய்வாளர் ‘இடைவெளி’ என்பது அந்த முற்றுப்புள்ளியைத்தான். அது 1933க்கும் 1945க்கும் இடையில் விழுந்திருந்தால், ஐரோப்பாவில் இருந்த எந்த ஓவியத்தையும் மறுபடி விசாரித்தாக வேண்டும்.

ஆனால் இடைவெளி தன்னளவில் குற்றச்சான்று ஆகாது. தந்தையிடமிருந்து மகளுக்குப் போன படத்துக்கு ரசீது இருக்காது. குண்டுவீச்சில் வணிகரின் கணக்கேடுகள் எரிந்திருக்கலாம். வாங்கியவர் தம் பெயரை மறைக்கச் சொல்லியிருக்கலாம். அதே இடைவெளி, உரிமையாளர் ஒரே இரவில் நாட்டைவிட்டு ஓடியதையும் குறிக்கலாம். காலத்தாலும் அக்காலச் சூழலாலும் இடைவெளிகள் தவிர்க்கவியலாதவை என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 1998இன் வாஷிங்டன் கோட்பாடுகள் கூறுவது இதனால்தான். ஆவணம் இல்லை என்பதற்காக, ஆவணத்தையும் சேர்த்துப் பறிகொடுத்தவரின் கோரிக்கையைத் தள்ளிவிட முடியாது.

இடைவெளியைவிட ஆபத்தானது, இடைவெளியே தெரியாதபடி நிரப்பப்பட்ட வரலாறு. எகோன் ஷீலே 1912இல் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய ‘வாலியின் உருவப்படம்’ இதற்குத் தெளிவான சான்று. அது வியன்னாவின் யூத ஓவிய வணிகர் லியா போண்டியிடம் இருந்தது. கடைச் சரக்காக அல்ல, அவருடைய வீட்டுச் சுவரில், சொந்த உடைமையாக. 1938இல் ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்ட பின், ஃப்ரீட்ரிக் வெல்ஸ் என்ற நாஜிக் கட்சி வணிகர் அவருடைய ஓவியக்கூடத்தைக் கைப்பற்றினார். 1939இல் போண்டி லண்டனுக்குப் புறப்படும் தறுவாயில் வெல்ஸ் வீட்டுக்கு வந்து அந்தப் படத்தையும் கேட்டார். போண்டி மறுத்தார். பயணத்தை வெல்ஸ் தடுத்துவிடக்கூடும் என்று அஞ்சிய கணவர், கொடுத்துவிடச் சொன்னார். படம் கைமாறியது. ரசீதும் இல்லை, விலையும் இல்லை.

வெல்ஸிடம் வேறு ஷீலே படங்களும் இருந்தன. ஹைன்ரிஹ் ரீகர் என்ற யூதப் பல் மருத்துவரின் தொகுப்பிலிருந்து வந்தவை அவை. ரீகர் நாஜிகளின் துன்புறுத்தலில் உயிரிழந்தார். போருக்குப் பின் அமெரிக்கப் படையினர் வெல்ஸிடமிருந்த ஓவியங்களைக் கைப்பற்றி ஆஸ்திரிய அரசிடம் ஒப்படைத்தபோது, வாலியின் படமும் ரீகர் படங்களோடு கலந்துவிட்டது. ரீகரின் வாரிசுகள் விற்ற தொகுதியோடு அது பெல்வெடேர் அரண்மனையிலுள்ள அரசு ஓவியக்கூடத்துக்குச் சென்றது. ஒரு பிழையால் வரலாறு சீரானது: ரீகர், வாரிசுகள், ஓவியக்கூடம். எங்கும் அரைப்புள்ளிதான். போண்டி இருந்திருக்க வேண்டிய இடத்தில் முற்றுப்புள்ளிகூட இல்லை.

1953இல் லண்டனில் போண்டி, சேகரிப்பாளர் ருடால்ஃப் லியோபோல்டைச் சந்தித்து, படத்தை மீட்க உதவும்படி கேட்டார். மறு ஆண்டே லியோபோல்ட் வேறொரு ஷீலே படத்தைக் கொடுத்து அதைத் தமக்கே பெற்றுக்கொண்டார். 1972இல் அவர் வெளியிட்ட ஷீலே நூலின் உடைமை வரலாற்றில் போண்டியின் பெயர் இல்லை. போண்டி 1969இலேயே இறந்துவிட்டார்.

இத்தகைய வரலாற்றை ஆய்வாளர் எப்படிச் சோதிப்பது? அச்சிட்ட வரிசையை நம்பாமல், ஒவ்வொரு அரைப்புள்ளிக்கும் தனித்தனியே சான்று கேட்பதுதான் வழி. ரீகரிடம் இப்படம் இருந்ததாகப் போருக்கு முந்தைய ஆவணம் ஏதேனும் சொல்கிறதா? பட்டியலில் உள்ள ‘பெண்ணின் உருவப்படம்’ எண்ணெய் ஓவியமா, காகிதத்தில் வரைந்த கோட்டோவியமா? அளவுகள் பொருந்துகின்றனவா? ஷீலே ஒரே பெண்ணைப் பலமுறை வரைந்தவர். ஆகவே தலைப்பு மட்டும் ஓர் ஓவியத்தை அடையாளம் காட்டாது. படத்தின் பின்புறத்து ஒட்டுச்சீட்டுகளையும் எண்களையும் பார்க்க வேண்டும். பெற்றவரின் ஆவணங்களோடு நின்றுவிடாமல், இழந்தவரின் கடிதங்களையும் தேட வேண்டும். போண்டியின் உரிமை உயிரோடிருந்தது அவரும் குடும்பத்தினரும் காத்த நினைவிலும் கடிதங்களிலும்தான்.

1997இல் படம் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தபோது வாரிசுகள் உரிமை கோரினர். நீண்ட வழக்கு 2010இல் உடன்பாட்டில் முடிந்தது. 1 கோடியே 90 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு, படம் வியன்னாவின் லியோபோல்ட் அருங்காட்சியகத்திலேயே இருக்க அவர்கள் இசைந்தனர். ஆனால் பணத்தோடு இன்னொரு நிபந்தனையும் இருந்தது. படம் எங்கே காட்சிப்படுத்தப்பட்டாலும், அது லியா போண்டிக்கு உரியதாக இருந்ததையும், அவரிடமிருந்து பறிக்கப்பட்டதையும் சொல்லும் குறிப்பு அருகில் இருக்க வேண்டும். படத்தை விட்டுக்கொடுத்த குடும்பம், அந்த வரியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.