மதிப்பிற்குரிய info@ அவர்களுக்கு

போன மாதம் பேப்பரில் ஒரு விளம்பரம். குன்னூர் பக்கம் தேயிலைத் தொழிற்சாலைக்கு அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் தேவை, பி.காம். போதும். எங்க வீட்டிலிருந்து ஒரே பஸ்! கம்பெனி பெயர் இருந்தது, ஆனால் விண்ணப்பிக்க info@ என்று தொடங்கும் ஒரு முகவரி மட்டும்தான். ஆள் பெயர் கிடையாது.

இப்படி வேறு இடங்களுக்கு 'டியர் சார்/மேடம்' போட்டு நான் அனுப்பிய நாலு மெயில்களுக்கும் பதிலே இல்லை. அந்தப் பெட்டியில் டீத்தூள் வாங்குகிறவர், உரம் விற்கிறவர் என்று எல்லோரும்தான் எழுதுவார்கள். திறந்து பார்க்கும் கிளார்க் நம்முடையதை யாரிடம் கொடுப்பார் பாவம்?

கம்பெனி சட்டம் படிக்கிறோமே என்று mca.gov.in போனேன். கம்பெனி பெயரைத் தேடினால் பதிவு அலுவலக முகவரி, இயக்குநர்கள் பெயர் எல்லாம் வருகிறது. பதிவு அலுவலகம் கோயம்புத்தூர். நிர்வாக இயக்குநர் பெயர் போட்டு ஜம்மென்று கடிதம் தயார் பண்ணினேன்.

எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன மாமா படித்துவிட்டுச் சிரித்தார். "இந்த வேலைக்கு ஆள் பார்க்கறது எம்.டி. இல்லடா. தொழிற்சாலை மேனேஜரோ, ஆபீஸ்ல மூத்தவரோ இங்கேயே பார்த்துடுவாங்க. கோயம்புத்தூர்ல கையெழுத்து மட்டும்தான். போன் பண்ணிக் கேளு."

பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி என்றால் ஆண்டறிக்கையில் கம்ப்ளையன்ஸ் ஆபீசர் பெயர் பளிச்சென்று இருக்கும். அவருக்கும் எழுதாதீர்கள். அவர் பங்குதாரர் புகார்களைக் கவனிப்பவர்.

காலையில் ஆள் கணக்கு எடுக்கிற அவசரம் இருக்கும் என்று மாமா சொன்னதால் பதினொரு மணிக்கு மேல் போன் செய்தேன். "எச்.ஆர். யார்?" என்று கேட்கவில்லை. சின்ன தொழிற்சாலையில் அப்படி ஒருவரே இல்லாமல் இருக்கலாம். "அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் விண்ணப்பம் யார் பெயருக்கு எழுதணுங்க?" என்றேன். உடனே ஒரு பெயரும் பதவியும் வந்தது. இனிஷியலும் ஆங்கில எழுத்துக்கூட்டும் கேட்டு எழுதிக்கொண்டேன்.

இனிஷியல் ஏன் என்றால், அரசுப் பதிவுகளில் நம் ஆட்கள் பெயரோடு அப்பா பெயரும் விரிந்து நிற்கும். கே. முருகேசன் என்பவர் 'முருகேசன் கிருஷ்ணன்' என்று இருப்பார். அதைப் பார்த்து 'டியர் மிஸ்டர் கிருஷ்ணன்' என்று எழுதினால் கடிதம் அவருடைய அப்பாவுக்குப் போகிறது :-)

போனில் பெயர் சொல்ல மறுத்தால்? பதவியையாவது கேட்டு 'மேனேஜர் அவர்களுக்கு' என்று போடலாம். அதுவே கிளார்க்குக்கு வழி காட்டிவிடும்.

அனுப்பியது அதே info@ முகவரிக்குத்தான். சப்ஜெக்டில் வேலையின் பெயர், விளம்பரம் வந்த தேதி, 'கவனத்திற்கு' என்று அவர் பெயர். ஆறாம் நாள் பதில் வந்தது, அதே info@-இலிருந்து. கீழே அவர் பெயர். வியாழக்கிழமை ஒரிஜினல் மார்க் ஷீட்டோடு வரச் சொல்லியிருக்கிறார்.