நல்லெண்ணெய்க் கணக்கு

கதை எழுதுகிறவனுக்குக் கணக்கு வராது என்பது என் மனைவியின் நெடுநாளைய கட்சி. அதைப் பொய்யாக்கப் புறப்பட்டுத்தான், தெருக்கோடி மளிகைக் கடை அண்ணாச்சியிடம் நான் ஒரு தகாத வார்த்தையைச் சொல்லி வைத்தேன்.

எங்கள் வீட்டில் இருபது வருஷமாக ஒரே கம்பெனி நல்லெண்ணெய்தான். மாதம் ஒரு லிட்டர். பாக்கெட்டில் அச்சிட்ட விலை 420 ரூபாய். அண்ணாச்சி 405-க்குக் கொடுப்பார். போன மாதம் வந்திருந்த என் மருமான் கைபேசியை நீட்டி, "மாமா, இதோ பாருங்கள், அதே எண்ணெய் 375 ரூபாய்!" என்றான்.

முப்பது ரூபாய் வித்தியாசம்! எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நேரே கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போதே, "இத்தனை வருஷமாய் எங்களை மொட்டையடித்து விட்டீரே, ஐயா!" என்றேன். அண்ணாச்சி பதில் பேசவில்லை. கையிலிருந்த பொட்டலத்தைக் கட்டி முடித்தார்.

அன்று மாலையே கைபேசியில் ஆர்டர் போட்டோம். கால் மணியில் எண்ணெய் வந்தது. கூடவே பில்லும் வந்தது. எண்ணெய் 375, கொண்டுவந்து கொடுக்க 30, 'கையாளும் கட்டணம்' 10. ஆக 415. "500 ரூபாய்க்கு வாங்கினால் அந்த 30 கிடையாது, மாமா" என்றான் மருமான். வாஸ்தவந்தான். ஆனால் அதற்காகத் தேவையில்லாத 125 ரூபாய்ச் சாமானை வாங்குவானேன்?

இதற்குள் அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "இங்கே வந்து பாருங்கள். எப்போதும் ஜாடி கழுத்து வரைக்கும் வரும். இன்றைக்கு விரற்கடை குறைகிறதே!"

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். அதே படம், அதே சிவப்பு எழுத்து. ஆனால் மூலையில் '850 கிராம்' என்றிருந்தது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் நிற்கும். 375-ஐ 850-ஆல் வகுத்து 910-ஆல் பெருக்கினால், லிட்டர் 401 ரூபாய். இரண்டு கட்டணத்தையும் சேர்த்தால் 444! மாதச் சாமான் முழுவதையும் ஒரே தடவையில் வாங்குகிறவருக்கு நாலு ரூபாய் மிச்சமாகலாம். ஒற்றைப் பாக்கெட் வாங்குகிற எனக்கு 39 ரூபாய் நஷ்டம்.

2022-க்குப் பிறகு, ஒரு கிராம் அல்லது ஒரு மில்லிக்கு என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று சட்டமே வந்திருக்கிறது. ஆனால் அது அச்சிட்ட விலையை வகுத்த கணக்கு. தள்ளுபடி போக உள்ள விலையை நாமேதான் வகுத்துப் பார்க்க வேண்டும்.

அப்போதாவது நான் அடங்கியிருக்கலாம். ரோஷம் விட்டால்தானே! மறுநாள் ரயிலேறி ஜார்ஜ் டவுனுக்குப் போய், கோவிந்தப்ப நாயக்கன் தெரு மொத்தக் கடை ஒன்றில் நுழைந்தேன். லிட்டர் 380 ரூபாய். ஆனால் ஒன்றிரண்டு தரமாட்டார்கள். பன்னிரண்டு அடங்கிய பெட்டியாகத்தான் எடுக்க வேண்டும். 4,560 ரூபாயை எண்ணி வைத்தேன். அண்ணாச்சி விலைக்கு 300 ரூபாய் லாபம் என்று மனம் துள்ளியது.

பெட்டியைத் தெருமுனைக்குச் சுமந்தவருக்கு 30. அதைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏற முடியுமா? ஆட்டோவுக்கு 280. போகும்போது ரயிலுக்கு 5, நடுவில் ஒரு காப்பியைத் தவிர்க்க முடியாமல் 15. மொத்தம் 330. லாபம் 300, செலவு 330. போதாததற்கு, பாக்கெட்டில் 9 மாதத்துக்குள் உபயோகிக்கச் சொல்லியிருந்தது. எங்களுக்கு அது பன்னிரண்டு மாத எண்ணெய்!

மொத்தக் கடைமேல் குற்றமில்லை. ஒரு பெட்டிக்குப் பிடித்த அதே ஆட்டோவில் மூன்று பெட்டி வந்திருக்கும். சுமைகூலிதான் 60 ரூபாய் கூடியிருக்கும். லாபமோ 900. கல்யாண வீட்டுக்கும், சேர்ந்து வாங்கும் நாலு குடித்தனங்களுக்கும் அந்தத் தெரு ஏற்றது. என் போன்ற ஒண்டிக் குடித்தனத்துக்கல்ல.

மூன்று கணக்கையும் ஒரு தாளில் எழுதி மனைவியிடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டு, "இதில் ஒன்று விட்டுப் போயிற்று" என்றாள். "உங்களுக்கு ஆபரேஷன் நடந்த இரண்டு மாதமும் அண்ணாச்சி பாக்கி கேட்கவில்லை. அதற்கு என்ன வட்டி போட்டீர்கள்?"

சாயங்காலம் கடைக்குப் போனேன். நல்ல வேளையாக, அல்ல, வேண்டுமென்றே, நாலு பேர் நிற்கிற நேரமாகப் பார்த்துப் போனேன். "அண்ணாச்சி, அன்றைக்கு நான் சொன்னது தப்பு" என்றேன்.

அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கே கம்பெனி வண்டியிலே 391-க்குத்தான் சார் வருது" என்றார் மெதுவாக. பிறகு, "என்ன வேணும்?" என்று கேட்டார்.

எண்ணெய் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வீட்டில் பதினொரு பாக்கெட் இருக்கிறதே!

"உளுத்தம் பருப்பு ஒரு கிலோ" என்றேன். விலை கேட்கவில்லை.