உப்புப் போட்டுப் பிழிந்த பொத்தி

லண்டன் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனிலிருந்து அலெக்சாண்ட்ரா அவென்யூவில் நடந்தால், 1936இல் சினிமாக் கொட்டகையாகக் கட்டப்பட்டு இப்போது பார்சிகளின் வழிபாட்டு மையமாக இருக்கும் கட்டடம் வரும். அதைத் தாண்டி ஒரு குறுக்குத் தெருவில், வீட்டுக்குப் பின்னால் போட்ட கொட்டிலில்தான் அக்கா சமைக்கிறார். நண்பரின் அப்பாவுக்கு ஆட்டத்திவசம். அறுபது பேருக்குச் சாப்பாடு. "வாழைக்காய்க் கறி இல்லாமல் திவசமோ? அவ வெட்டுறதைப் பார்க்க வேணும் நீங்கள்" என்று நண்பர்தான் அனுப்பிவைத்தார்.

அக்கா நீர்வேலிக்காரர். யாழ்ப்பாணத்தில் வாழைக்குப் பேர்போன ஊர் அது. தொண்ணூறுகளில் லண்டனுக்கு வந்தவர். அப்பாவுக்கு செம்மண் தோட்டத்தில் வாழை இருந்ததாம். "வாழைக்காய் கடையில வாங்குற சாமான் எண்டு இங்க வந்துதான் எனக்குத் தெரியும்" என்றார்.

நான் போனபோது அவர் வெட்டத் தொடங்கியிருக்கவில்லை. பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தார். லண்டன் கடைகளில் பச்சையாக இருப்பதெல்லாம் கறிக்கு ஆகாது. பழத்துக்கென்று வளர்க்கும் கேவண்டிஷ் காய் பச்சையாகக் கிடைத்தாலும் வேகவைத்தால் களியாகிவிடும். நீளமாக, கொம்பு மாதிரி வளைந்த தடித்த தோல் பிளாண்டேன் உடையாமல் நிற்கும். ஆனால் கொஞ்சம் மஞ்சள் தட்டினாலும் கறி இனிக்கும். அக்கா தேடுவது சாம்பல் வாழைக்காய். குட்டையாக, பட்டை பட்டையாக, மேலே சாம்பல் பூத்தது போலிருக்கும். காம்பை நறுக்கிப் பார்க்கிறார். பால் சொட்டினால் காய் இன்னும் காய்தான். பால் வராவிட்டால் ஒன்று அது பழுக்கத் தொடங்கியிருக்கிறது, இல்லையென்றால் குளிரில் அடிபட்டிருக்கிறது. வாழை ஏறக்குறைய 13 டிகிரிக்குக் கீழே தாங்காது. தை மாதத்தில் கடைவாசலில் அடுக்கிவைத்த காய் வெளியே பச்சையாகவே தெரியும். தோலை லேசாகச் சீவினால் அடியில் தவிட்டு நிறத்தில் கோடு கோடாக ஓடியிருக்கும். அப்படி இரண்டு காய்களை எனக்குக் காட்டிவிட்டு ஒதுக்கிவைத்தார். எத்தனை தரம் கழுவினாலும் அந்தக் காய்க்கு ருசி திரும்பாது என்றார்.

பிறகு கையில் தேங்காய் எண்ணெய் பூசினார், கத்தியிலும்தான். வாழைப்பால் தண்ணீரில் கரையாது. காய்ந்துவிட்டால் சோப்பும் தோற்கும். எண்ணெய்ப் பசை இருந்தால் தோலில் பிடிக்க அதற்கு இடமில்லை. கத்தி எவர்சில்வர். ஊரிலிருந்து வந்த அரிவாள்மணை மூலையில் சும்மா கிடந்தது. வாழையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் நீலக்கறுப்பாகிவிடும், விரல் இடுக்கில் வாரக்கணக்கில் நிற்கும். "கலியாண வீட்டுக்குப் போற கை தம்பி இது, கறை பிடிக்கக் கூடாது" என்று சிரித்தார்.

காயின் பச்சைத் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவி, துண்டு போட்டவுடன் மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் தள்ளினார். எங்கள் பக்கம் கொஞ்சம் புளித்தண்ணீர் விட்டு வேகவைப்போம். புளிப்பு இருந்தால் காய் சீக்கிரம் குழையாது, துண்டு துண்டாக நிற்கும். அக்கா செய்வது பால்கறி. புளி விட்டால் தேங்காய்ப்பால் திரிந்துவிடும். அதனால் இரண்டாம் பாலிலேயே வேகவிட்டு, நகத்தால் அழுத்திப் பார்த்து, நகம் இறங்கியும் துண்டு பிளக்காத நேரத்தில் முதற்பாலை விட்டு இறக்கிவிடுகிறார். தேசிக்காய்ப்புளி அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான். காப்பாக நிற்கிற அந்தப் புளிப்பு முதலிலேயே இல்லாததால், இரண்டு நிமிடம் கவனிக்காமல் விட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். என்னோடு பேசிக்கொண்டே இருந்தவர் அந்த இரண்டு நிமிடத்தில் மட்டும் எனக்குப் பதில் சொல்லவில்லை. தாளிதத்தை நான் கவனிக்கவில்லை, எப்போதும் அலுப்பூட்டுகிற பகுதி அது.

பொத்திக்கு வந்தபோதுதான் எங்களுக்குள் சண்டை. எங்கள் வீட்டில் வாழைப்பூ என்றால் மடல் மடலாகப் பிரித்து, ஒவ்வொரு பூவிலும் கள்ளனைப் பிடுங்கி, அடியிலுள்ள கண்ணாடி போன்ற செதிலையும் கிள்ளியெறிந்து, மோரில் போடுவது. ஒரு பூவுக்கே ஒரு மத்தியானம் போய்விடும். அக்காவுக்கு எட்டுப் பொத்தி இருந்தது. அவர் சிவந்த மடல்களை உரித்துக்கொண்டே போய், மடல் வெளிறியதும் நிறுத்தினார். உரித்த மடல்களுக்கிடையில் இருந்த முற்றிய பூக்களில் மட்டும் கள்ளனை எடுத்தார். ஒரு சீப்புப் பூவை நுனி சேர்த்துப் பிடித்து உள்ளங்கையில் தேய்த்தால் கள்ளன்கள் விறைத்து வெளியே நிற்கின்றன, மொத்தமாகக் கிள்ளிவிடலாம். வெளிறிய குருத்தை அப்படியே குறுக்கே மெல்லிசாக அரிந்தார். "உள்ளுக்கு இருக்கிறது பிஞ்சு. அதில கள்ளன் ஏது? வேகேக்க தானாக் கரைஞ்சிடும்."

அரியும்போதே உப்பும் மஞ்சளும் தூவிக்கொண்டு போனார். காற்றுப் பட்ட வெட்டு உடனே கறுக்கிறது, அதனால் அவர் கை நிற்பதில்லை. பிறகு பிசைந்து பிழிந்தார். முதல் பிழியலில் வந்த தண்ணீர் கடும் சாயத் தேநீர் நிறம். உப்பு உள்ளிருக்கும் சாற்றை வெளியே இழுக்கிறது, துவர்ப்பு அதோடு போகிறது. இரண்டாவது தரம் நிறம் வெளிறிவிட்டது. அதோடு ஒருமுறை அலசி நிறுத்திக்கொண்டார். இன்னொரு தரம் பிழிந்தால் சக்கைதான் மிஞ்சும் என்கிறார். எங்கள் மோர் வேறு வழியில் அதே வேலையைச் செய்கிறது: புளிப்பு கறுப்பதைத் தடுக்கிறது, மோரிலுள்ள புரதம் துவர்ப்பைக் கட்டிப்போடுகிறது, தேநீரில் பால் விட்டால் நாக்கு இழுக்காததைப் போல. அக்கா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மோர் ஊத்தி வறை வறுத்தா மணக்காதே" என்று முடித்துவிட்டார். வறையைத் தின்று பார்த்த பிறகு நான் வாதாடவில்லை. லேசான துவர்ப்பு அடிநாக்கில் இருந்தது, கசப்பு இல்லை.

தண்டு இவ்வளவு நேரம் எடுக்கவில்லை. விமானத்தில் வந்த தண்டின் இரு முனையும் காய்ந்திருக்கும். இரண்டு விரல் அளவு வெட்டியெறிய வேண்டும். மடிப்பு மடிப்பாக உரிந்து வருவது நின்று, இறுக்கமான வெள்ளைத் தண்டு வந்ததும் வட்டமாக அரிந்து, ஒவ்வொரு வில்லைக்குப் பிறகும் நூலைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொள்கிறார். மிச்ச நூலுக்கு, பொடியாக அரிந்து தண்ணீரில் போட்டு ஒரு முள்கரண்டியால் கலக்கினார். பிசுபிசுவென்ற நூலெல்லாம் கரண்டியில் சுற்றிக்கொண்டு வந்தது. தண்டு பச்சையாகவே தயிர்ப்பச்சடிக்குப் போனது.

வேலைக்கு நடுவில்தான் ஒரு கதையைச் சொன்னார். பக்கத்தில் ஒரு கடைக்காரர், சுத்தம் செய்த வாழைப்பூவை டப்பாவில் போட்டு விற்கலாம், நீங்கள் உரித்துத் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார். கூலி டப்பாவுக்கு இவ்வளவு. மணிக்கு இவ்வளவு என்று பேச்சே இல்லை. பொத்தியில் பாதி முற்றல் வந்தால் அந்த நேரம் யாருடையது? பிழிந்தால் எடை குறையும், எடை குறைந்தால் டப்பா நிறையாது. அதனால் "பிழிய வேண்டாம், வெட்டி நிரப்புங்கோ" என்று சொன்னாராம். கள்ளனை விட்டுவிட்டால் இன்னும் நல்லது, அதுவும் எடைதானே! உரிப்பதும் பிழிவதும் கொடுக்கிற ருசிக்கு விற்கிறவரும் வாங்குகிறவரும் காசு வைத்தார்கள், உரித்த கைக்கு மட்டும் வைக்கவில்லை. அக்கா சில நாள் செய்துவிட்டு விட்டுவிட்டார். டப்பாக்கள் இப்போதும் அந்தக் கடைக் குளிர்ப்பெட்டியில் இருக்கின்றன. திரும்பும் வழியில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அரிந்த பூ முழுக்கக் கறுத்து, அடியில் தவிட்டு நிறத் தண்ணீர் தேங்கியிருந்தது. வாழைப்பூ கசக்கும் என்று நம்புகிற பிள்ளைகள் பலரும் இதைத்தான் சாப்பிட்டிருப்பார்கள்.